காமாலைக்குக் கீழாநெல்லி, லீவுக்கு எந்தச் சீட்டு?

குப்பத்தில் ஒரு டிராக்டர் விற்பனைக் கிளை. அங்கே கணக்கு எழுதும் பையனுக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் கண் மஞ்சளாகிவிட்டது. சோற்றைப் பார்த்தாலே குமட்டல். மேனேஜருக்குப் போன் போட்டு, "சார், காமாலை மாதிரி இருக்கு, அம்மா கூட்டிட்டுப் போறாங்க" என்று சொல்லிவிட்டு ரயிலேறினான். ஜோலார்பேட்டையில் இறங்கி, பஸ் பிடித்துத் திருப்பத்தூர். அங்கே அந்தக் குடும்பம் தலைமுறையாகப் பார்க்கும் ஒரு சித்த மருத்துவர். காமாலை என்றால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் கிளம்புவார்கள்.

மருத்துவர் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். நாடி பார்த்ததோடு விடாமல் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்தார். பிலிருபின் 6.8 என்று வந்தது. ஒன்றைத் தாண்டினாலே கூடுதல் என்று சொல்வார்கள். மருந்து, உப்பில்லாப் பத்தியம், 18 நாள் ஓய்வு. பையன் குணமாகித் திரும்பியபோது அவருடைய சான்றிதழையும் ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் சேர்த்துக் கொடுத்தான். கிளை மேனேஜர் அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது: "நாட்டு வைத்தியர் சீட்டு செல்லாது. 18 நாளும் சம்பளமில்லாத விடுப்பு. அனுமதியின்றி வராததற்கு 48 மணி நேரத்தில் விளக்கம் தரவும்."

மேனேஜர் எனக்குத் தெரிந்தவர். நான் 27 வருடம் தனியார் கம்பெனிகளில் பர்சனல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், போனில் அந்தக் கடிதத்தைத் திறந்து என் கையில் கொடுத்து, "அண்ணா, இப்படி எழுதலாமா?" என்றார்.

எழுதக் கூடாது என்பதுதான் என் கருத்து. சித்த மருத்துவம் உயர்ந்தது, ஆங்கில மருத்துவம் தாழ்ந்தது என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. கீழாநெல்லி காமாலையைத் தீர்க்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது சம்பளப் பட்டியல் போடுகிறவர் வேலை அல்ல. அந்த மூன்று வரியில் மூன்று தனித்தனி முடிவுகள் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டவருக்குத் தகுதி இல்லை என்பது ஒன்று. லீவுக்குச் சம்பளம் கிடையாது என்பது இன்னொன்று. ஆள் சொல்லாமல் ஓடிப்போனான் என்பது மூன்றாவது. தனித்தனியாக யோசிக்க வேண்டிய மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டதுதான் தவறு.

முதலில் கையெழுத்து. இந்தக் கேள்விக்குச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. 1970ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மத்தியக் குழுச் சட்டத்தில் 17ஆம் பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்று மாநிலப் பதிவேட்டிலோ மத்தியப் பதிவேட்டிலோ பெயர் உள்ளவர்தான் இந்திய மருத்துவத்தைத் தொழிலாகச் செய்யலாம் என்றது. தகுதியுள்ள மருத்துவர் கையெழுத்திட வேண்டும் என்று எந்தச் சட்டமாவது கேட்கும் நோய்ச் சான்றிதழிலும் உடல்தகுதிச் சான்றிதழிலும் கையெழுத்திடும் உரிமை அவருக்கே என்றும் சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020இல் இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன் 34ஆம் பிரிவும் அதே உரிமையைப் பதிவு பெற்ற ஆயுர்வேத, சித்த, யுனானி மருத்துவர்களுக்குத் தருகிறது. ஆகவே "சித்த மருத்துவர் கையெழுத்து, அதனால் செல்லாது" என்ற வாக்கியத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. மருத்துவர் தமிழ்நாட்டுக்காரர், ஆந்திரத்தில் செல்லாது என்பதும் அப்படித்தான். சட்டம் மாநிலப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும் என்கிறதே தவிர, நோயாளியின் முதலாளி எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்று கேட்கவில்லை. மூன்று மாநிலம் முட்டிக்கொள்ளும் எங்கள் ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை. பால் ஒரு மாநிலத்தில், பள்ளிக்கூடம் ஒரு மாநிலத்தில், வேலை ஒரு மாநிலத்தில் என்று வாழ்கிற ஊர் இது.

திருப்பதியில் தேவஸ்தானமே ஆயுர்வேதக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் நடத்துகிறது. அதே திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு ஒரு தலைமை அலுவலகம் "நாட்டு வைத்தியம்" என்று ஒதுக்கியதில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

ஆனால் சட்டம் சொல்லாததையும் சொல்ல வேண்டும். கையெழுத்திடும் உரிமை மருத்துவருக்கு உண்டு என்றால், அந்தச் சீட்டைப் பார்த்ததும் சம்பளத்தோடு லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்று பொருள் இல்லை. மத்திய அரசு ஊழியருக்கான 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில் 19ஆவது விதியைப் படித்தால் இது விளங்கும். மருத்துவச் சான்றிதழ் கொடுத்துவிட்டதாலேயே விடுப்பு உரிமையாகிவிடாது என்று அந்த விதி வெளிப்படையாகச் சொல்கிறது. சந்தேகம் வந்தால் அரசு மருத்துவ அதிகாரியிடம் இரண்டாவது கருத்துக் கேட்கலாம். அவர் நோய் உண்மையா என்பதோடு இத்தனை நாள் ஓய்வு தேவையா என்பதையும் சொல்ல வேண்டும். இந்தச் சந்தேகம் எம்.பி.பி.எஸ். டாக்டர் சீட்டுக்கும் பொருந்தும். சந்தேகப்படும் உரிமை முதலாளிக்கு உண்டு. அதைச் சித்த மருத்துவருக்கு மட்டும் ஒதுக்கி வைப்பதுதான் கோணல்.

தனியார் இடங்களில் அவரவர் விடுப்பு விதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். "பதிவு பெற்ற மருத்துவர்" என்று மட்டும் இருந்தால் சித்த மருத்துவர் அதற்குள் வருவார் என்றே நான் படிப்பேன். "கம்பெனி மருத்துவர்" என்று இருந்தால், சீட்டை வாங்கிக்கொண்டு ஆளைக் கம்பெனி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அந்தச் செலவும் கம்பெனியுடையது. இஎஸ்ஐயில் இருக்கும் தொழிலாளி என்றால் கதையே வேறு. அங்கே நோய்க்காலப் பணம் கொடுப்பது முதலாளி அல்ல, இஎஸ்ஐ நிறுவனம். சராசரிக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்கு இஎஸ்ஐ மருத்துவரின் சான்றிதழ்தான் வழக்கமான வழி. வேறு மருத்துவரின் சீட்டை மாற்றுச் சான்றாக ஏற்பதா என்பதை அந்த நிறுவனமே முடிவு செய்யும். ஆகவே இஎஸ்ஐ தொழிலாளி சித்த மருத்துவர் சீட்டோடு வந்தால், "உடனே டிஸ்பென்சரிக்குப் போ, இதையும் எடுத்துக்கொண்டு போ" என்று அன்றைக்கே சொல்வதுதான் மேனேஜர் அவனுக்குச் செய்யும் பெரிய உதவி. நாள் கடந்தால் பணம் போய்விடும்.

நம் கணக்குப் பையன் மாதம் 24,000 வாங்குகிறான். இஎஸ்ஐ வரம்பான 21,000க்கு மேல். ஆகவே அவனுக்கு ஆந்திரக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்படியான நோய் விடுப்பு 12 நாள்தான் பிடிமானம்.

இனி எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல். சட்டப் புத்தகத்தில் ஆர்.எம்.பி. என்றால் பதிவு பெற்ற மருத்துவர். ஆந்திரக் கிராமத்தில் "ஆர்எம்பி டாக்டர்" என்றால் அதற்கு நேர் எதிர்: ஒரு கிளினிக்கில் கம்பவுண்டராக இருந்து ஊசி போடக் கற்றுக்கொண்டு, சைக்கிளிலோ பைக்கிலோ பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறவர். மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வருவார். ஆனால் எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இருக்காது. கம்பெனி விதியில் "ஆர்.எம்.பி. சான்றிதழ்" என்று எழுதி வைத்துவிட்டால் இரண்டு பேரும் அதே மூன்றெழுத்தில் நிற்பார்கள்.

அதே கிளையில், அதே மாதத்தில், உதிரிபாகப் பிரிவில் வேலை செய்யும் இன்னொருவரும் ஒரு சீட்டு கொடுத்திருந்தார். மேனேஜர் இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் மருத்துவர் பெயருக்குக் கீழே பி.எஸ்.எம்.எஸ்., அதற்குக் கீழே தமிழ்நாடு சித்த மருத்துவ மன்றத்தின் பதிவு எண். நோயாளியின் வயது, அடையாள மச்சம், அவன் கையெழுத்து. எந்தத் தேதியில் முதலில் பார்த்தார், எந்தத் தேதிவரை வேலைக்குத் தகுதியில்லை என்று கருதுகிறார் என்று இரண்டு தேதிகள். "காமாலை" என்று ஒரே சொல்லில் நோய். மற்றொன்றில் தலைப்பிலேயே தன்வந்திரி படம், "மூலிகை மருத்துவ ரத்னா", "ஆர்.எம்.பி." என்று வரிசையாகப் பட்டங்கள். எண் எதுவும் இல்லை. "மேற்படியாருக்கு உடல்நலக் குறைவு, தக்க ஓய்வு தேவை" என்று ஒரு வரி. தேதி ஒன்றுதான், அதுவும் அவர் வேலைக்குத் திரும்பிய நாள். பத்து நாள் கழித்துப் பார்த்தவர் பத்து நாளைக்கு முந்தைய நோயைச் சான்றளிக்கிறார்.

பதிவு எண்ணும் மன்றத்தின் பெயரும் இருந்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். தமிழ்நாட்டில் சித்த மருத்துவருக்கு ஒரு மன்றம், ஆயுர்வேதத்துக்கும் யுனானிக்கும் வேறு வாரியம். ஆயுர்வேத மருத்துவர் சித்த மன்றத்தின் எண்ணைப் போட்டிருந்தால் நின்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்த மன்றத்துக்கே எழுதிக் கேட்கலாம். மருத்துவருக்குப் போன் செய்வதானால் ஒரே ஒரு கேள்விதான்: "இந்தத் தேதியிட்ட சான்றிதழ் நீங்கள் கொடுத்ததா?" நோய் என்ன, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று மேனேஜர் கேட்பது அத்துமீறல், நல்ல மருத்துவர் பதிலும் சொல்ல மாட்டார்.

இங்கே ஒரு திருத்தமும் சொல்லிவிட வேண்டும். பட்டம் இல்லாத பரம்பரை வைத்தியர்களில் சிலர் பழைய பதிவேடுகளில் முறையாகப் பதிவானவர்கள். பட்டத்தைவிடப் பதிவுதான் கணக்கு. அதே நேரத்தில், பதிவும் இல்லாமல் பரம்பரையை மட்டும் காட்டித் தொழில் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் கேரளப் பாரம்பரிய வைத்தியர் அமைப்பு தொடுத்த வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே தன்வந்திரி படம் போட்ட அந்தச் சீட்டை மருத்துவச் சான்றிதழாக ஏற்க வேண்டியதில்லை. ஹாங்காங்கிலும் இதே கோட்டைத்தான் போட்டார்கள். சீன மருத்துவர்கள் தரும் நோய்ச் சீட்டை முதலாளிகள் ஏற்க வேண்டும் என்று 2006இல் சட்டம் இயற்றினார்கள். பதிவு பெற்ற சீன மருத்துவராக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

சரி, சீட்டு செல்லாது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது ஆள் "அனுமதியின்றி ஓடிப்போனவன்" ஆகிவிடுவானா? ஆக மாட்டான். தலைமை அலுவலகத்தின் பெரிய பிழை இதுதான். கிருஷ்ணகாந்த் பார்மர் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துக் காட்டியது. அது ஓர் அரசு ஊழியரின் வழக்கு. அனுமதியில்லாமல் வராமல் இருந்தது ஒன்று, வேண்டுமென்றே வராமல் இருந்தது வேறொன்று. நோய், விபத்து, ஆஸ்பத்திரி என்று கட்டாயக் காரணம் இருந்தால் அது வேண்டுமென்றே வராததாகாது என்றது. அதற்கு முன்பே 1993இல் டி.கே. யாதவ் வழக்கில், எட்டு நாளுக்கு மேல் வராதவனின் வேலை தானாகப் போய்விடும் என்ற நிலையாணையைக் காட்டி ஒரு தொழிலாளியை வாசலிலேயே திருப்பி அனுப்பிய கம்பெனிக்கு, அவன் பக்கத்தைக் கேட்காமல் அப்படிச் செய்ய முடியாது என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போன் பண்ணிச் சொல்லிவிட்டுப் போன பையனுக்கு 48 மணி நேர விளக்கக் கடிதம் அனுப்புவது பின்னால் கம்பெனி மேலேயே திரும்பும்.

என் காலத்தில் நானே ஒரு கம்பெனியில் இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். முதுகு வலிக்கு வர்மம் பார்த்துக்கொண்டு வந்த ஒரு பெயின்டரின் சீட்டை, "இதெல்லாம் எதுக்கு" என்று மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் சமரசப் பேச்சு நடந்தபோது அவரிடம் சீட்டு இருந்தது; என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. அந்த மேசையின் எதிர்ப் பக்கத்தில் அவர் அந்த மடிப்பை விரித்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. சீட்டை ஏற்காவிட்டாலும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்குப் படித்தேன்.

இந்த வாதத்துக்கு எதிராக மேனேஜர் ஒன்று சொன்னார். அதில் நியாயம் இருந்தது. "அண்ணா, பஞ்சகர்மா என்று சொல்லி 21 நாள் கேட்கிறார்களே, அதையும் நோய் விடுப்பு என்று கொடுக்க வேண்டுமா?" வேண்டியதில்லை. ஆள் படுத்துவிட்டதால் வர முடியாமல் போவது நோய் விடுப்பு. நாள் குறித்து, முன்பணம் கட்டிச் செய்துகொள்ளும் சிகிச்சை திட்டமிட்ட விடுப்பு. கண்புரை அறுவைக்கு நாள் குறிப்பது போலத்தான். அதற்கு முன்கூட்டியே கேட்க வேண்டும், சீசன் நேரத்தில் நாளைத் தள்ளிப்போடச் சொல்லவும் செய்யலாம். நடக்க முடியாமல் போய் ஆயுர்வேத ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்ந்தவர் என்றால், சேர்த்த தேதியும் வீட்டுக்கு அனுப்பிய தேதியும் உள்ள டிஸ்சார்ஜ் சீட்டு கேட்கலாம். இதில் எங்கேயும் மருத்துவ முறை குறுக்கே வரவில்லை, பாருங்கள்.

உடல்தகுதிச் சான்றிதழ் விஷயத்தில் மட்டும் முதலாளி இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்கலாம் என்பேன். கிரேன் ஓட்டுகிறவர், உயரத்தில் ஏறுகிறவர், கேன்டீனில் சமைக்கிறவர் திரும்பி வரும்போது, விடுப்பு எதற்கு என்பதைவிட இன்றைக்கு இந்த வேலையைச் செய்ய முடியுமா என்பது முக்கியம். காமாலை வந்த சமையல்காரரை ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகுதான் அடுப்படிக்கு அனுப்ப வேண்டும். அதற்கு குப்பம் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் யாரும் தவறு சொல்ல முடியாது. கணக்கு எழுதும் பையனுக்கு அந்த அவசியம் இல்லை. இருந்தாலும் அவன் திரும்பிய வாரம் எடுத்த பரிசோதனையில் பிலிருபின் 1.4க்கு இறங்கியிருந்ததை அவனே காட்டினான்.

மேனேஜரும் நானும் உட்கார்ந்து தலைமை அலுவலகத்தின் பெயரில் போக வேண்டிய கடிதத்தை எழுதினோம். இரண்டு முறை அடித்து எழுதிய பிறகு வந்தது இது:

"தாங்கள் கொடுத்த மருத்துவச் சான்றிதழும் பரிசோதனை அறிக்கையும் கிடைத்தன. சான்றிதழில் உள்ள 18 நாளும் தாங்கள் உடல்நலக் குறைவால் வேலைக்கு வர முடியாதிருந்த நாட்களாகப் பதிவு செய்யப்படுகின்றன. இவற்றில் 12 நாள் நோய் விடுப்பிலும், தங்கள் கணக்கில் மீதமுள்ள 4 நாள் தற்செயல் விடுப்பிலும் சரிசெய்யப்படும். மீதி 2 நாள் சம்பளமில்லாத விடுப்பு. முன்பு அனுப்பிய விளக்கக் கடிதம் திரும்பப் பெறப்படுகிறது. இதில் மாறுபட்ட கருத்து இருந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்."

"சித்த" என்ற சொல்லே அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏற்றுக்கொள்ளும் கடிதத்தில் மருத்துவ முறையைக் குறிப்பிடத் தேவையில்லை. "இந்த ஒருமுறை மட்டும் பரிவோடு ஏற்கிறோம்" என்ற வாக்கியம் முதல் வரைவில் இருந்தது. மேனேஜர் போட்டது; நான் அடித்தேன். உரிமையாகக் கிடைப்பதைத் தருமமாக எழுதினால் அடுத்த ஆளுக்கு மறுக்க அது வசதியாகிவிடும்.

உதிரிபாகப் பிரிவுக்காரருக்கு வேறு கடிதம்: "தாங்கள் கொடுத்த சீட்டு கிடைத்தது. அதில் கையெழுத்திட்டவரின் பதிவு எண்ணும், தங்களைப் பரிசோதித்த தேதியும் இல்லை. அவற்றைச் சேர்த்தோ, பதிவு பெற்ற எந்த மருத்துவ முறையைச் சேர்ந்த மருத்துவரிடமிருந்தோ பத்து நாளுக்குள் சான்றிதழ் தரவும். மருந்துக் கடை ரசீது, பரிசோதனை அறிக்கை இருந்தால் அவற்றையும் இணைக்கலாம். அதுவரை அந்த நாட்கள் முடிவு செய்யப்படாமல் வைக்கப்படும்." அவரைப் பொய்யர் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. உண்மையாகவே காய்ச்சலில் கிடந்துவிட்டுப் பக்கத்துத் தெரு ஆளிடம் சீட்டு வாங்கியிருக்கலாம். சீட்டு பொய் என்பதால் காய்ச்சலும் பொய் ஆகாது. அவர் ஒரு வாரம் கழித்து மருந்துக் கடை ரசீதுகளோடு வந்தார். பத்தில் ஆறு நாள் ஏற்கப்பட்டது.

தலைமை அலுவலகம் இரண்டு கடிதத்தையும் ஒரு சொல்லும் மாற்றாமல் கையெழுத்திட்டு அனுப்பியது. கிளையின் சம்பளப் பட்டியல் போடுவது கணக்குப் பையனின் வேலை. அந்த மாதம் தன் பெயருக்கு எதிரே இரண்டு நாள் பிடித்தத்தை அவனே ஏற்றினான். பக்கத்தில் மோர் பாட்டில், இன்னும் உப்பில்லாமல்.